எரிந்தது 9 லட்சம், கைக்கு வந்தது 5 லட்சம்: பட்டறைக் காப்பீட்டில் கணக்கு எங்கே தவறுகிறது

சிறு பட்டறைகளில் காப்பீடே எடுக்காமல் நஷ்டப்பட்டவர்கள் உண்டு. அதைவிட வேதனையானது, வருடா வருடம் பிரீமியம் கட்டிவிட்டு, தீ விபத்து நடந்த பிறகு பாதிப் பணத்தோடு நிற்பவர்களின் நிலை. பெரும்பாலும் அங்கே கம்பெனி ஏமாற்றியிருக்காது. பாலிசி எடுத்த அன்று எழுதிய தொகைதான் தவறாக இருந்திருக்கும். எந்தக் காப்பீடு வாங்கலாம் என்று யோசிக்கும் முன், எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்பதைச் சரியாகப் போடத் தெரிய வேண்டும்.

ஒரு மர வேலைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். வாடகை ஷெட். ரம்பம், இழைப்பு மெஷின், கம்ப்ரஸர், கைக்கருவிகள் எல்லாம் சேர்த்து வாங்கிய பில்களின் கூட்டுத்தொகை 7 லட்சம். எடுத்தது மெஷின் எரிந்தால் புது விலை கொடுக்கும் வகைப் பாலிசி. அதில் மெஷின்களுக்கு அந்த 7 லட்சத்தையே எழுதியிருக்கிறார்கள். பலகை, பிளைவுட், பாலிஷ், தின்னர், முடிந்த சாமான் எல்லாம் சேர்த்துச் சரக்குக்கு 6 லட்சம். அது போன வருடக் கணக்கு முடித்த அன்று இருந்த இருப்பு. இரண்டு எண்ணுமே பில்லையும் கணக்குப் புத்தகத்தையும் பார்த்து எழுதியவைதான். ஆனாலும் இரண்டுமே தவறு.

ஒரு நாள் இரவு தீப்பிடித்து ஷெட்டின் ஒரு பாதி போய்விடுகிறது. எரிந்த மெஷின்களைத் திரும்ப வாங்க 4 லட்சம் ஆகும். எரிந்த சரக்கு 5 லட்சம். மொத்த நஷ்டம் 9 லட்சம், பாலிசியோ 13 லட்சத்துக்கு. முழுப் பணமும் வந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்ததும் எரிந்ததை மட்டும் பார்ப்பதில்லை. எரியாததையும் சேர்த்து எல்லா மெஷின்களையும் இன்று புதிதாக வாங்கினால் எவ்வளவு என்று முதலில் கணக்குப் போடுவார். இந்தப் பட்டறையில் அது 12 லட்சம். காப்பீடு செய்ததோ 7 லட்சம். அதாவது 12 பங்கில் 7 பங்கு அபாயத்தைத்தான் கம்பெனியிடம் கொடுத்திருக்கிறார்கள், மீதி 5 பங்கை உரிமையாளர் தன் தலையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று பாலிசி எடுத்துக்கொள்ளும். அதனால் 4 லட்ச நஷ்டத்தில் 12-க்கு 7 என்ற விகிதத்தில், சுமார் 2 லட்சத்து 33 ஆயிரம்தான் வரும்.

சரக்கிலும் இதே கதைதான். விபத்து நடந்த அன்று பட்டறையில் எவ்வளவு சரக்கு இருந்தது என்பதைச் சர்வேயர் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதுவதில்லை, கணக்கிலிருந்து எடுப்பார். போன கணக்கு முடிவில் இருப்பு 6 லட்சம். அதற்குப் பிறகு வாங்கிய சரக்கு 19 லட்சம். விற்பனை 20 லட்சம், அதில் லாபம் நான்கில் ஒரு பங்கு. ஆக, வெளியே போன சரக்கின் அடக்க விலை 15 லட்சம். 6-ஐயும் 19-ஐயும் கூட்டி 15-ஐக் கழித்தால், அன்று இருந்தது 10 லட்சம். காப்பீடு 6 லட்சம். எனவே 5 லட்ச நஷ்டத்துக்கு 10-க்கு 6 என்ற விகிதத்தில் 3 லட்சம்.

இரண்டும் சேர்த்து 5 லட்சத்து 33 ஆயிரம். எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு நஷ்டத்திலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 25 ஆயிரம் என்று வைத்தால் கைக்கு வருவது 5 லட்சத்து 8 ஆயிரம். எரிந்துபோன மோட்டாரில் செம்பு, பாதி தப்பிய பலகை என்று ஏதாவது விலைபோகும் மிச்சம் இருந்தால் அதன் மதிப்பும் நஷ்டத் தொகையிலிருந்து கழியும்.

இதைத்தான் அண்டர் இன்சூரன்ஸ் என்கிறார்கள். மொத்தமும் எரிந்தால்தான் இது பிரச்சினை என்ற ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த விகிதம் ஓரத்தில் பிடித்த சின்னத் தீயிலும் வேலை செய்யும். சில பாலிசிகளில் 15 விழுக்காடு வரை தொகை குறைந்திருந்தால் கண்டுகொள்ளாமல் முழு நஷ்டத்தையும் கொடுப்பார்கள். அந்த வரி உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் 12-க்கு 7 என்ற அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்தச் சலுகை உதவாது.

சரியான தொகையை எப்படிப் போடுவது என்றால், மெஷின்களுக்கு முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தேய்மானம் கழித்த இன்றைய மதிப்புக்குக் காப்பீடு செய்வது ஒரு வழி. புதிதாக வாங்கும் விலைக்குச் செய்வது இன்னொரு வழி. தேய்மான மதிப்புக்கு எடுத்தால் பிரீமியம் குறையும். ஆனால் எட்டு வருடம் ஓடிய மெஷின் எரிந்தால் அதன் விலையில் ஒரு பகுதிதான் வரும், அந்தப் பணத்தில் புது மெஷின் ஒன்றை வாங்க முடியாது. தொழில் அந்த மெஷினை நம்பி ஓடுகிறது என்றால் புதுவிலைப் பாலிசிதான் வாங்கத் தகுந்தது. அதில் இரண்டு நிபந்தனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். காப்பீட்டுத் தொகை பழைய பில் விலையாக இல்லாமல் இன்றைய புது விலையாக இருக்க வேண்டும், போக்குவரத்து, பொருத்தும் கூலி உட்பட. அடுத்தது, அதே திறனுள்ள மெஷினை உண்மையிலேயே வாங்கிப் பொருத்திய பிறகுதான் முழுத்தொகை கொடுப்பார்கள். வாங்காமல் பணமாகக் கேட்டால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாக வாங்கிய மெஷினுக்கும் புது விலைதான் எழுத வேண்டும். மேலே சொன்ன பட்டறையில் 12 லட்சம் 7 லட்சமானதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சரக்குக்கு விற்பனை விலையைப் போடாதீர்கள். நஷ்டம் கணக்கிடப்படுவது உங்களுக்கு ஆன அடக்க விலையில். வாங்கிய விலை, ஏற்றி இறக்கிய செலவு இவை சேரும். பாதி முடிந்த வேலைக்கு அதுவரை போன பொருளும் கூலியும் சேரும், வரப்போகும் லாபம் சேராது. லாபத்தையும் சேர்த்துக் கூடுதல் தொகைக்கு எடுத்தால் பிரீமியம்தான் வீணாகும், கிளெய்ம் கூடாது.

அடுத்த கேள்வி எந்த நாளின் இருப்பை எழுதுவது என்பது. சராசரி இருப்பை எழுதுவதுதான் வழக்கமான தவறு. பன்னிரண்டு மாதத்தில் சரக்கு அதிகமாக நிறைந்திருக்கும் மாதத்தின் இருப்பை எழுதுங்கள். பெரிய ஆர்டருக்காகப் பொருள் வாங்கி அடுக்கியிருக்கும் அந்த மாதத்தில்தான் வேலை இரவு வரை நீளும், வெல்டிங்கும் பாலிஷும் ஒரே கூரைக்குள் நடக்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் அப்போதுதான் கூடும். இருப்பு ஏறி இறங்கும் தொழிலுக்கு உச்ச அளவுக்குப் பாலிசி எடுத்துவிட்டு, மாதாமாதம் உண்மை இருப்பைத் தெரிவித்து, வருடக் கடைசியில் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறும் வகைப் பாலிசியும் உண்டு. அதற்குக் குறைந்தபட்ச தொகை இருக்கும், மாதாமாதம் தவறாமல் தெரிவிக்கவும் வேண்டும். சின்னப் பட்டறைக்கு அது ஒத்துவராவிட்டால், பெரிய சரக்கு இறங்கும் அன்றே எண்டார்ஸ்மென்ட், அதாவது நடப்புப் பாலிசியிலேயே ஒரு திருத்தம், போட்டுத் தொகையை ஏற்றிக்கொள்ளலாம். சில மாதத்துக்குக் கூடும் பிரீமியம் பெரிதாக இருக்காது.

பாங்குக் கடன் இருக்கும் பட்டறைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள் என்று எடுத்த பாலிசி பெரும்பாலும் கடன் தொகை அளவுக்கே இருக்கும். கடன் 4 லட்சம், சரக்கு 10 லட்சம் என்றால் மேலே பார்த்த விகிதம்தான் மீண்டும் வரும். அதோடு பணம் முதலில் கடனுக்குப் போய்ச் சேரும். அந்தப் பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எடுத்துப் பார்த்து, தொகை எவ்வளவு, எந்த விலாசம் எழுதியிருக்கிறது என்று சரிபாருங்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சின்னக் குடோன் வைத்து அதன் விலாசத்தைச் சேர்க்காமல் விட்டால், அங்கே இருக்கும் சரக்குக்குக் காப்பீடே இல்லை.

தொகை சரியான பிறகு, எது தீ, எது தீ இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். மோட்டாரின் வயர் சுற்று உள்ளே கருகிப் புகைந்து நின்றுவிட்டால், அந்த மோட்டாருக்குத் தீ பாலிசியில் பணம் வராது. அதிலிருந்து பரவிப் பக்கத்துப் பலகை எரிந்தால் பலகைக்கு வரும். தீயை அணைக்க அடித்த தண்ணீரில் நனைந்த சரக்கும் தீ நஷ்டம்தான், அதைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம்.

மர வேலைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, பொருள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்வது. ஆளி விதை எண்ணெய் நனைந்த துடைப்புத் துணிகளைக் குவியலாக ஒரு மூலையில் போட்டால், எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெளிவரும் சூடு குவியலுக்குள் தங்கி, சில மணி நேரத்தில் தீப்பிடிக்கும். யாரும் பற்றவைத்திருக்க மாட்டார்கள், கரன்ட்டும் காரணமாக இருக்காது. பழைய பாணித் தீ பாலிசிகளில் தானாகச் சூடேறி எரிந்த பொருளுக்கு விலக்கு எழுதியிருப்பார்கள், அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சில புதிய பாலிசிகளில் அது உள்ளேயே இருக்கிறது. எண்ணெய் பாலிஷ், மரத்தூள், பருத்திக் கழிவு இருக்கும் இடமென்றால் இந்த ஒரு வரியைத் தேடிப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். துணிகளை விரித்துக் காயப் போடுவதும், மூடியுள்ள இரும்பு டப்பாவில் தண்ணீரில் நனைத்துப் போடுவதும் எந்தக் காப்பீட்டையும்விட நல்லது.

விண்ணப்பத்தில் என்ன எழுதினோம் என்பதும் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கும். தச்சு வேலை என்று மட்டும் எழுதிவிட்டு உள்ளே ஸ்பிரே பெயின்டிங் நடந்தால், அபாயத்தை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மை மறுக்க இடம் கொடுக்கிறோம். தின்னர் எத்தனை லிட்டர் வைத்திருக்கிறீர்கள், வெல்டிங் உண்டா, பக்கத்து ஷெட்டில் என்ன தொழில், எல்லாவற்றையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஆனால் பாலிசி நிற்கும்.

திருட்டு விஷயத்தில் குழப்பம் வார்த்தையிலேயே தொடங்குகிறது. நாம் திருட்டு என்று சொல்வதெல்லாம் பாலிசியில் திருட்டு இல்லை. பர்க்ளரி பாலிசி கொடுப்பது, பூட்டையோ கதவையோ கூரையையோ உடைத்து உள்ளே வந்து, அல்லது உடைத்துக்கொண்டு வெளியே போய்த் திருடினால்தான். உடைத்ததற்குக் கண்ணால் பார்க்கும் தடயம் வேண்டும். பகலில் ஷட்டர் திறந்திருக்கும்போது டிரில் மெஷின் காணாமல் போனால் வராது. சாவி போட்டுத் திறந்து எடுத்துப் போனால் பெரும்பாலும் வராது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது பத்து ஷீட் பிளைவுட் குறைகிறது, எப்போது போனது தெரியவில்லை என்றால் எந்தப் பாலிசியிலும் வராது. வேலையாட்கள் எடுத்தால் அது வேறு வகைக் காப்பீடு. வெளியே முற்றத்தில் தார்ப்பாய் போட்டு அடுக்கிய மரமும், இரவு வண்டியிலேயே விட்ட கருவிப்பெட்டியும் தனியாகச் சேர்க்காவிட்டால் கணக்கில் இல்லை.

இதனால் திருட்டுக் காப்பீடு வேண்டாம் என்று ஆகாது. வாங்கும் விதத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். தீ எல்லாவற்றையும் ஒரே இரவில் கொண்டுபோகும், திருடனால் அது முடியாது. இழைப்பு மெஷினைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான். கைக்கருவிகள், செம்பு, பித்தளைச் சாமான், விலை உயர்ந்த ஃபிட்டிங் பெட்டிகள், இவைதான் போகும். எனவே தூக்கிச் செல்லக்கூடிய பொருட்களின் முழு மதிப்பையும் சொல்லிவிட்டு, அதில் 25 விழுக்காடு போன்ற ஒரு வரம்புக்கு மட்டும் காப்பீடு எடுக்கும் ஃபர்ஸ்ட் லாஸ் முறை இருக்கிறது. நம் பட்டறையில் சரக்கு 10 லட்சம், கைக்கருவி 2 லட்சம், மொத்தம் 12 லட்சம். வரம்பு 3 லட்சம். முழுத் தொகைக்கு எடுப்பதைவிட இதில் பிரீமியம் குறைவு, உண்மையான திருட்டு நஷ்டம் பெரும்பாலும் 3 லட்சத்துக்குள் நிற்கும். ஆனால் அந்த 12 லட்சத்தைக் குறைத்து 8 லட்சம் என்று சொல்லிவிட்டால், ஒன்றரை லட்சம் திருடு போனபோது 12-க்கு 8 என்ற விகிதத்தில் ஒரு லட்சம்தான் வரும். வரம்பைக் குறைக்கலாம், மொத்த மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

திருட்டு நடந்த காலையில் உடைந்த பூட்டை மாற்றிவிட்டு இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்வதுதான் கிளெய்மைக் கெடுக்கும் முதல் காரியம். உடைந்த பூட்டு, வளைந்த கொண்டி, நெம்பிய தகடு, இவைதான் சாட்சி. கதவைத் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுங்கள், போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள், கம்பெனிக்கு அன்றே சொல்லுங்கள். கழற்றிய பூட்டைச் சர்வேயர் பார்க்கும்வரை ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சரக்குச் சேதத்தில் தண்ணீர்தான் அதிக வாக்குவாதம் கிளப்புவது. புயலிலோ வெள்ளத்திலோ தண்ணீர் புகுந்தால் ஒரு நிலை. ஆணி துருப்பிடித்துத் தகடு ஓட்டையாகி மழை ஒழுகி லாமினேட் ஊறினால் அது வேறு நிலை, பராமரிப்புக் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள். சுவர் வழியாக மெல்லக் கசிந்து அடிப்பலகை பூஞ்சை பிடிப்பதும் அப்படியே. சில பாலிசிகள் சரக்கு தரையிலிருந்து 10 அல்லது 15 சென்டிமீட்டர் உயரத்தில் கட்டை மேல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். தரையில் நேரே அடுக்கிய பிளைவுட் நனைந்தால் வெள்ளக் காப்பீடு இருந்தும் பணம் வராது. நிபந்தனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கீழே இரண்டு வரிசைக் கட்டை போட்டுவிடுங்கள். கணுக்கால் அளவுத் தண்ணீரில் போவது அடியில் இருக்கும் ஷீட்டுகள்தான்.

வாங்கத் தகுந்தவை எவை என்று கேட்டால், வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும். மெஷினுக்குப் புது விலையிலும் சரக்குக்கு உச்ச இருப்பிலும் தீ காப்பீடு முதலில். அதற்குப் பணம் போதவில்லை என்றால் மற்ற எதையும் சேர்க்காதீர்கள். தாழ்வான இடமென்றால் வெள்ளம் கண்டிப்பாக அதற்குள் இருக்க வேண்டும். பிறகு ஃபர்ஸ்ட் லாஸ் முறையில் திருட்டு. ரிப்பேருக்கோ பாலிஷுக்கோ வாடிக்கையாளர் சாமான் உள்ளே நிற்கும் பட்டறை என்றால், பொறுப்பில் வைத்திருக்கும் பிறர் பொருள் என்று ஒரு வரி சேர்த்து அதற்குத் தனித் தொகை எழுத வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சரக்குக்குப் பணம் வரும், அவர்கள் சாமானுக்கு நீங்கள் கைக்காசு கொடுப்பீர்கள். எரிந்த குப்பையை அகற்றும் செலவு சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கருகிய ஷெட்டைக் காலி செய்ய லாரியும் ஆளும் நிறையவே வேண்டும். அது பாலிசியில் எவ்வளவு வரை இருக்கிறது என்று கேளுங்கள்.

வாடகை ஷெட்டுக்குக் கட்டடக் காப்பீடு உரிமையாளர் வேலை. நீங்கள் போட்ட வயரிங், பரண், தடுப்புச் சுவர் மட்டும் உங்கள் பாலிசியில் தனித் தொகையாக வரட்டும். உங்கள் தவறால் அவர் கட்டடம் எரிந்தால் அவரோ அவருடைய கம்பெனியோ உங்களிடம் கேட்கலாம். அந்தப் பொறுப்புக்கான காப்பீட்டை, ஒட்டி ஒட்டி ஷெட்டுகள் இருக்கும் இடத்தில் நான் விடமாட்டேன்.

வேலை நின்றுபோன மாதங்களுக்கான வருமான இழப்புக் காப்பீடு, சம்பள ஆட்கள் நான்கைந்து பேர் இருந்து, மெஷின் திரும்ப வர மாதக் கணக்கில் ஆகும் என்றால் வாங்கலாம். ஒரே ஆள் நடத்தும் பட்டறைக்கு அந்தப் பணத்தைச் சரக்குத் தொகையை ஏற்றுவதில் போடுவது மேல். சாதாரண மோட்டார், கட்டர் போன்றவற்றுக்கு மெஷின் பழுதுக் காப்பீடு தேவையில்லை, சுற்றுக் கட்டும் செலவு பெரும்பாலும் எக்ஸஸைத் தாண்டாது. கம்ப்யூட்டரில் ஓடும், மரம் செதுக்கும் ரவுட்டர் மெஷின் இருந்தால் அதற்கு மட்டும் எடுக்கலாம். பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமென்றால் எக்ஸஸைக் கூட்டிக் கேளுங்கள். 25 ஆயிரம் நஷ்டத்தைச் சமாளித்துவிடலாம். காப்பீட்டுத் தொகையை வெட்டிக் குறைத்தால் லட்சக் கணக்கில் போகும்.

கடைசியாகக் காகிதம். பில்களும் சரக்கு ரிஜிஸ்டரும் பட்டறை மேஜை டிராயரில் இருந்தால் பட்டறையோடு அவையும் எரியும். ஒவ்வொரு மெஷினின் பெயர்த் தகட்டையும் சீரியல் எண் தெரிய ஒரு போட்டோ, மாதம் ஒருமுறை அலமாரி அலமாரியாக ஒரு வீடியோ, கொள்முதல் பில்களின் நகல், இவை வீட்டிலோ ஆன்லைனிலோ இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் மெஷின்களுக்குப் புது விலை விசாரித்து, உச்ச மாத இருப்பைக் கணக்கிலிருந்து எடுத்து, பழைய பாலிசித் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பழையபடியே போட்டு அனுப்பிவிடுங்கள் என்று ஏஜென்ட்டிடம் சொல்வதற்கு முன்னால் இதைச் செய்துவிட வேண்டும்.